மாவட்ட வரைபடத்திலிருந்து பரப்பளவைக் கணித்தல்: அளவை, குறிவிளக்கம், வடக்கு அம்புக்குறி

நிர்வாக வரைபடம் என்பது நாடு, மாநிலம், மாவட்டம், வட்டம் ஆகிய ஆட்சிப் பிரிவுகளின் எல்லைகளை முதன்மையாகக் காட்டும் நிலவரைபடம் ஆகும். அதன் ஓரத்தில் அச்சிடப்படும் மூன்று துணைக்கூறுகளான அளவை, குறிவிளக்கம், வடக்கு அம்புக்குறி ஆகியவற்றைச் சரியாகப் படித்தால், ஒரு கிராஃப் தாளும் கூரிய பென்சிலும் மட்டும் கொண்டு ஒரு மாவட்டத்தின் பரப்பளவை இரண்டு, மூன்று விழுக்காட்டுப் பிழைக்குள் மதிப்பிட முடியும். மூன்றில் ஒன்றைத் தவறாகப் படித்தாலோ, எவ்வளவு கவனமாகக் கட்டங்களை எண்ணினாலும், விடை பத்து விழுக்காடும் அதற்கு மேலும் விலகிப்போகும். இவ்வத்தியாயத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தின் வரைபடம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது; ஒரு பக்கம் கடற்கரை, மற்றொரு பக்கம் மாநில எல்லை, இன்னொரு பக்கம் மாவட்ட எல்லை என மூன்று வகை எல்லைகளும் ஒரே தாளில் அமைந்திருப்பது பயிற்சிக்கு மிகவும் ஏற்றது.

அளவை: நீளத்துக்கு உரியதைப் பரப்புக்கு மாற்றுதல்

வரைபடத்தில் உள்ள தொலைவுக்கும் நிலத்தில் உள்ள தொலைவுக்கும் இடையிலான விகிதமே அளவை. அது 1:2,50,000 என்று விகிதமாக எழுதப்பட்டிருந்தால் பின்ன அளவை என்றும், கிலோமீட்டர் குறிக்கப்பட்ட பட்டையாக வரையப்பட்டிருந்தால் கோட்டளவை என்றும் அழைக்கப்படும். 1:2,50,000 என்றால் தாளில் 1 செ.மீ. என்பது நிலத்தில் 2,50,000 செ.மீ., அதாவது 2.5 கி.மீ. ஆகும். இதுவரை குழப்பம் ஏதும் இல்லை. ஆனால் அளவை நீளத்துக்கு மட்டுமே உரியது என்பதையும், பரப்புக்கு மாற்றும்போது அதை இருமடி ஆக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர். தாளில் ஒரு செ.மீ. பக்கமுள்ள கட்டம் நிலத்தில் 2.5 கி.மீ. நீளமும் 2.5 கி.மீ. அகலமும் கொண்ட சதுரமாகும். எனவே 1 சதுர செ.மீ. என்பது 6.25 சதுர கி.மீ. ஆகுமே தவிர 2.5 சதுர கி.மீ. ஆகாது.

இந்த இருமடியாதலே அடுத்து வரும் எச்சரிக்கைகள் பலவற்றுக்கும் காரணமாக இருக்கிறது. அளவையில் 5 விழுக்காடு பிழை இருந்தால் பரப்பில் அது ஏறத்தாழ 10 விழுக்காடாகப் பெருகும். நகலெடுக்கும் பொறியில் வரைபடத்தை 90 விழுக்காடாகச் சுருக்கியிருந்தால், தாளில் உள்ள உருவத்தின் பரப்பு மூலத்தில் 81 விழுக்காடு மட்டுமே இருக்கும். அப்போதும் தாளின் ஓரத்தில் 1:2,50,000 என்ற எழுத்து மாறாமல் நிற்கும். சுருங்கிய தாளில் அந்த எழுத்து பொய்யாகிவிடுகிறது. கோட்டளவை அப்படியல்ல, வரைபடத்தோடு சேர்ந்து தானும் சுருங்கும் என்பதால் நகலிலும் அது உண்மையையே சொல்லும். ஆகவே நகல், அச்சுப்படி, புத்தகத்தில் சுருக்கி வெளியிட்ட படம் ஆகியவற்றில் பின்ன அளவையை நம்பாமல் கோட்டளவையையே அடிஸ்கேலால் அளந்து, 1 செ.மீ.க்கு எத்தனை கி.மீ. என்று கண்டுகொள்வது பாதுகாப்பான முறையாகும். கோட்டளவையின் ஒரு சிறு பிரிவை அளக்காமல், அதன் முழு நீளத்தையும் அளந்து வகுக்க வேண்டும்; 2 செ.மீ. நீளத்தை அளப்பதில் அரை மில்லிமீட்டர் தவறினால் பரப்பில் 5 விழுக்காடு போய்விடும், 10 செ.மீ. நீளத்தில் அதே தவறு 1 விழுக்காடாக அடங்கிவிடும்.

பழைய வரைபடங்களைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு முற்பட்ட நிலவரைபடங்கள் மைல் கணக்கில் வரையப்பட்டவை. ஓர் அங்குலத்துக்கு நான்கு மைல் என்ற அளவை பின்னமாக எழுதும்போது 1:2,53,440 ஆகும். இதை 1:2,50,000 என்றே கொண்டால் என்ன என்று தோன்றலாம். அந்த ஒன்றேகால் விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட வேறுபாடு பரப்பில் 2.8 விழுக்காடாகி, இம்மாவட்டத்தில் 45 சதுர கி.மீ.க்கும் மேல் குறைத்துக் காட்டும்.

அளவையைச் சோதித்தல்

அச்சிட்ட அளவை எதுவாக இருப்பினும் அதைச் சோதிக்க வரைபடத்துக்குள்ளேயே ஒரு வழி உண்டு. அட்சக்கோடுகள் என்பவை நிலநடுக்கோட்டுக்கு இணையாகக் கிழக்கு மேற்காகச் செல்லும் கற்பனைக் கோடுகள். தீர்க்கக்கோடுகள் வடக்கு தெற்காகச் செல்பவை. ஒரு பாகை அட்சம் என்பது கன்னியாகுமரிப் பகுதியில் 110.6 கி.மீ. ஆகும். ஒரு பாகையில் 60 கலைகள் உள்ளன என்பதால், 8°15′ கோட்டுக்கும் 8°30′ கோட்டுக்கும் இடைப்பட்ட 15 கலைகள் 27.65 கி.மீ. ஆகின்றன. 1:2,50,000 அளவையுள்ள மூலத்தாளில் இவ்விரு கோடுகளுக்கும் இடையே சரியாக 11.06 செ.மீ. இருக்க வேண்டும். அடிஸ்கேலில் 10.5 செ.மீ. மட்டுமே காட்டினால் தாள் சுருங்கியிருக்கிறது என்று பொருள், அப்போது 27.65-ஐ 10.5-ஆல் வகுத்து, 1 செ.மீ.க்கு 2.63 கி.மீ. என்றும், 1 சதுர செ.மீ.க்கு 6.93 சதுர கி.மீ. என்றும் புதிதாகக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இதே சோதனையைக் கிழக்கு மேற்காகவும் செய்ய வேண்டும். தீர்க்கக்கோடுகள் துருவத்தை நோக்கிக் குவிவதால் 15 கலைத் தீர்க்கத்தின் தொலைவு இடத்துக்கு இடம் குறையும்; 8°15′ அட்சத்தில் அது 27.54 கி.மீ., அதாவது மூலத்தாளில் 11.02 செ.மீ. ஆகும். எனவே இம்மாவட்டத்தின் வரைபடத்தில் நான்கு கோடுகள் சேர்ந்து உருவாக்கும் கட்டம் கண்ணுக்குச் சதுரமாகவே தெரிய வேண்டும். அது செவ்வகமாகத் தெரிந்தால், கணினியில் படத்தை ஒட்டியவர் பக்கத்துக்கு ஏற்ப அகலத்தை மட்டும் இழுத்துவிட்டார் என்று அறியலாம். அத்தகைய தாளில் கோட்டளவையும் பயன்படாது. அது கிழக்கு மேற்குத் தொலைவுக்கு மட்டுமே பொருந்தும். ஆயினும் தாளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அந்த 15 கலைக் கட்டத்தின் நிலப்பரப்பு 27.65 × 27.54, அதாவது ஏறத்தாழ 761.5 சதுர கி.மீ.; தாளில் அதன் நீளத்தையும் அகலத்தையும் அளந்து பெருக்கி, அந்தச் சதுர செ.மீ. எண்ணால் 761.5-ஐ வகுத்தால் 1 சதுர செ.மீ.க்கு உரிய பரப்பு நேரடியாகக் கிடைத்துவிடும். இம்முறை அச்சிட்ட அளவையை முற்றிலும் சாராதது என்பதால், பிற முறைகள் அனைத்திலும் இதையே நம்பத்தக்கதாகக் கொள்ளலாம்.

வடக்கு அம்புக்குறியின் உண்மையான பயன்

தாளை எப்படித் திருப்பி வைத்தாலும் ஓர் உருவத்தின் பரப்பு மாறாது. ஆகவே பரப்பளவைக் கணிக்க வடக்கு அம்புக்குறி தேவையில்லை என்று கருதத் தோன்றும். அட்சக்கோடுகளும் தீர்க்கக்கோடுகளும் அச்சிடப்பட்ட தாளில் அது பெரும்பாலும் உண்மையே. ஆனால் பொதுமக்களுக்காக வெளியிடப்படும் மாவட்ட வரைபடங்கள் பலவற்றில் அக்கோடுகள் இருப்பதில்லை, கோட்டளவையும் சில வேளைகளில் வெட்டுப்பட்டுப் போயிருக்கும், பக்கத்தில் அடங்குவதற்காக வரைபடம் சாய்த்தும் வைக்கப்பட்டிருக்கும். அங்கேதான் அம்புக்குறி கணக்குக்குள் வருகிறது.

கன்னியாகுமரி ஊரின் அட்சம் ஏறத்தாழ 8°05′, பேச்சிப்பாறை அணையின் அட்சம் ஏறத்தாழ 8°27′. வேறுபாடு 22 கலைகள்; கலைக்கு 1.843 கி.மீ. வீதம் 40.5 கி.மீ. இந்தத் தொலைவு வடக்கு தெற்காக மட்டும் எண்ணப்பட்டது. பேச்சிப்பாறை வடமேற்கில் இருப்பதால், இரண்டு புள்ளிகளையும் நேராக இணைக்கும் கோட்டின் நீளம் ஏறத்தாழ 48 கி.மீ. ஆகும். எனவே முதலில் அம்புக்குறிக்கு இணையாகத் தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பிறகு இரண்டு ஊர்களிலிருந்தும் அக்கோட்டுக்குச் செங்குத்தாகக் கோடுகள் இறக்கி, அவை அதைத் தொடும் புள்ளிகளுக்கு இடைப்பட்ட நீளத்தையே அளக்க வேண்டும். மூலத்தாளில் அது 16.2 செ.மீ. வரும், 40.5-ஐ 16.2-ஆல் வகுத்தால் 2.5 கி.மீ. என்று அளவை மீண்டும் கிடைக்கிறது. அம்புக்குறியைப் பாராமல் இரண்டு ஊர்களுக்கும் இடையிலான சாய்ந்த தொலைவையே 40.5 கி.மீ. என்று கொண்டவர், தாளில் 19.2 செ.மீ. அளந்து, செ.மீ.க்கு 2.1 கி.மீ. என்று முடிவுசெய்வார், அவர் காணும் பரப்பு உண்மையில் முப்பது விழுக்காடு குறைந்துவிடும். ஊர்களின் அட்சத்தை அரைக் கலைக்கு மேல் நுட்பமாக அறிய முடியாத நிலையில் இம்முறையிலும் சில விழுக்காட்டுப் பிழை இருக்கவே செய்யும். எனவே வடக்கு தெற்காக இயன்றவரை விலகியிருக்கும் இரண்டு இடங்களைத் தேர்ந்துகொள்வது நல்லது.

நிலக்கூற்று வரைபடங்களின் ஓரத்தில் ஒன்றுக்கு மூன்று அம்புகள் காணப்படுவதுண்டு. உண்மை வடக்கு என்பது துருவத்தை நோக்கிய திசை. காந்த வடக்கு என்பது திசைகாட்டி முள் நிற்கும் திசை. கட்ட வடக்கு என்பது வரைபடத்தின் மேல் அச்சிட்ட சதுரக் கட்டங்களின் மேல்நோக்கிய திசை. மேலே சொன்ன சோதனைக்கு உண்மை வடக்கை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

குறிவிளக்கம்: எந்தக் கோடு எல்லை?

வரைபடத்தில் பயன்படுத்தப்பட்ட கோடுகள், வண்ணங்கள், அடையாளங்கள் ஆகியவற்றின் பொருளைச் சொல்லும் பெட்டியே குறிவிளக்கம். புள்ளியும் சிறுகோடும் மாறி மாறி வரும் கோடு ஒரு வரைபடத்தில் மாநில எல்லையாகவும் இன்னொன்றில் மாவட்ட எல்லையாகவும் இருக்கலாம் என்பதால், மனப்பாடமாக அறிந்ததை நம்பாமல் ஒவ்வொரு தாளிலும் அதைப் புதிதாகப் படிக்க வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்தைச் சுற்றி ஒரே வகைக் கோடு செல்வதில்லை. கேரளத்தை ஒட்டிய மேற்கிலும் வடமேற்கிலும் மாநில எல்லைக்குறியும், திருநெல்வேலி மாவட்டத்தை ஒட்டிய கிழக்கில் மாவட்ட எல்லைக்குறியும், தென்மேற்கில் எல்லைக்குறியே இல்லாமல் கரைக்கோடும் வருகின்றன. மாவட்ட எல்லைக்குறியை மட்டும் தேடிச் செல்பவர் மாநில எல்லை தொடங்கும் இடத்தில் கோட்டைத் தவறவிட்டு, உள்ளே செல்லும் வட்ட எல்லையையோ மலைப்பகுதியில் காப்புக்காட்டின் எல்லையையோ பிடித்துக்கொள்வது எளிதில் நேரக்கூடிய தவறாகும். கோட்டைப் படியெடுக்கத் தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து உருவம் மூடிக்கொண்டதா என்று பார்ப்பதோடு நில்லாமல், மாவட்டத்தின் எல்லா வட்டங்களின் பெயர்களும் அந்த உருவத்துக்குள் விழுகின்றனவா என்றும் பார்த்தால் இத்தவறு உடனே வெளிப்படும்.

கடற்கரையில் வேறொரு குறிப்பு உண்டு. இந்திய நிலஅளவைத் துறையின் வரைபடங்களை ஒட்டி வெளியிடப்படும் தாள்களில், நாட்டின் ஆட்சிக்குட்பட்ட கடல் அடிக்கோட்டிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரை நீள்கிறது என்ற வாசகம் அச்சிடப்பட்டிருக்கும். இது கடல் உரிமையைப் பற்றியதே அன்றி மாவட்டப் பரப்பைப் பற்றியதன்று. கட்டங்களை எண்ணுவது கரைக்கோட்டோடு நின்றுவிட வேண்டும். மாறாக, நீல வண்ணத்தில் காட்டப்படும் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி நீர்த்தேக்கங்களும் குளங்களும் மாவட்டப் பரப்பில் சேர்ந்தவையே. நீர் என்பதற்காக அவற்றைக் கழித்துவிடக் கூடாது.

எல்லைக்கோட்டின் தடிமனும் பரப்பை மாற்றும் என்பதைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை. 1 மி.மீ. தடிமனுள்ள கோடு 1:2,50,000 அளவையில் நிலத்தில் 250 மீட்டர் அகலத்தை மறைக்கிறது. மாவட்டத்தைச் சுற்றிய எல்லையின் நீளத்தை ஏறத்தாழ 200 கி.மீ. என்று கொண்டால், கோட்டின் வெளிவிளிம்பைத் தொடர்ந்தவரின் விடைக்கும் உள்விளிம்பைத் தொடர்ந்தவரின் விடைக்கும் 50 சதுர கி.மீ. வேறுபாடு வந்துவிடும். பென்சில் முனை கோட்டின் நடுவே செல்ல வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். எல்லையை எடுப்பாகக் காட்ட அதன் ஓரமாகப் பூசப்படும் அகன்ற வண்ணப்பட்டையை எல்லையாகவே கொள்ளக் கூடாது.

சில நிர்வாக வரைபடங்களில் ஒரே ஆட்சிப் பிரிவு பல துண்டுகளாகக் கிடக்கும். புதுச்சேரி ஒன்றியப் பகுதி இதற்குத் தெளிவான சான்று. புதுச்சேரிப் பகுதியே தமிழ்நாட்டு நிலத்துக்கு இடையிடையே சிதறிய துண்டுகளாலானது. கேரளக் கரையில் உள்ள மாஹேயும் ஆந்திரத்தில் உள்ள ஏனாமும் தாளின் மூலையில் தனிப்பெட்டிகளில் காட்டப்படும். அந்தப் பெட்டிகளின் அளவை முதன்மை வரைபடத்தின் அளவையிலிருந்து பெரும்பாலும் வேறுபடும். மாஹேயின் பரப்பு ஏறத்தாழ 9 சதுர கி.மீ. மட்டுமே. அது 1:50,000 அளவையில் வரையப்பட்டிருந்தால் 36 சதுர செ.மீ. இடத்தை அடைத்துக்கொள்ளும்; அதற்கு 1:2,50,000-க்கு உரிய 6.25-ஐப் பெருக்கினால் 225 சதுர கி.மீ. என்று வந்து, காரைக்காலையே விஞ்சிவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் அதனதன் அளவையைத் தேடிப் படிக்க வேண்டும். பெட்டிக்கு அளவை இல்லையென்றால் அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே நேர்மையான முறை.

எண்ணிக் காணுதல்

இனி எண்ணும் வேலை. 1:2,50,000 அளவையில் கன்னியாகுமரி மாவட்டம் வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் ஏறத்தாழ 22 செ.மீ. வரும் என்பதால் ஏ3 அளவுத் தாள் தேவைப்படும். எல்லையை டிரேசிங் பேப்பரில் படியெடுத்து, அதை 1 செ.மீ. கட்டமுள்ள கிராஃப் தாளின் மேல் வைத்து, நகராதபடி பின் குத்திக்கொள்ள வேண்டும். உருவத்துக்குள் முழுமையாக விழும் கட்டங்களில் ஒரு புள்ளியும், எல்லை வெட்டிச் செல்லும் கட்டங்களில் ஒரு சாய்கோடும் இட்டுக்கொண்டே வந்தால் எண்ணிக்கை தவறாது. வெட்டுப்பட்ட கட்டங்கள் சில பெரிதாகவும் சில சிறிதாகவும் உள்ளே விழுவதால், அவற்றின் சராசரி அரைக்கட்டம் என்று கொள்ளப்படுகிறது. நூறு கட்டங்கள் அளவுக்கு இருக்கும்போது இந்தச் சராசரி நன்றாகவே பொருந்தும், பத்துப் பதினைந்து கட்டங்களே இருக்கும்போது பொருந்தாது.

முதல் எண்ணிக்கையில் 216 முழுக்கட்டங்களும் 106 வெட்டுண்ட கட்டங்களும் கிடைத்ததாகக் கொள்வோம். 106-இல் பாதி 53. ஆக மொத்தம் 269 சதுர செ.மீ. பிறகு டிரேசிங் பேப்பரைச் சற்றே நகர்த்தியும் திருப்பியும் வைத்து இரண்டாம் முறை எண்ணியபோது 218 முழுக்கட்டங்களும் 101 வெட்டுண்ட கட்டங்களுமாக 268.5, மூன்றாம் முறை 214-உம் 105-உமாக 266.5. மூன்றின் சராசரி 268. இதை 6.25-ஆல் பெருக்க 1,675 சதுர கி.மீ. கிடைக்கிறது. மூன்று எண்ணிக்கைகளுக்கும் இடையே ஒரு விழுக்காட்டு வேறுபாடே இருப்பது எண்ணியதில் பிழையில்லை என்பதைக் காட்டும். ஒன்று மட்டும் மற்ற இரண்டிலிருந்து ஐந்து விழுக்காடு விலகி நின்றால் ஏதோ ஒரு வரிசை விடுபட்டிருக்கும் அல்லது இருமுறை எண்ணப்பட்டிருக்கும்.

ஆனால் எண்ணிக்கைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவது அளவை சரி என்பதற்குச் சான்றாகாது. முன்பு சொன்ன சுருங்கிய தாளில், அதாவது அட்சக்கோடுகளுக்கு இடையே 10.5 செ.மீ. மட்டுமே உள்ள தாளில், இதே மாவட்டம் ஏறத்தாழ 242 கட்டங்களில் அடங்கிவிடும். எத்தனை முறை எண்ணினாலும் அதையொட்டியே வரும். அச்சிட்ட அளவையை நம்பி 6.25-ஆல் பெருக்கியவருக்கு 1,512 சதுர கி.மீ. என்றும், அளந்து கண்ட 6.93-ஆல் பெருக்கியவருக்கு 1,677 சதுர கி.மீ. என்றும் விடை வரும். உழைப்பு இருவருக்கும் ஒன்றே. முன்னவருக்கு 160 சதுர கி.மீ.க்கு மேல் காணாமல் போனது அளவையைச் சோதிக்காததால் மட்டுமே.

விரைவாக ஒரு மேலோட்டச் சரிபார்ப்பும் செய்யலாம். மாவட்டத்தின் நான்கு கோடிகளையும் தொட்டுச் செல்லும் செவ்வகத்தை, வடக்கு அம்புக்குறிக்கு இணையாகப் பக்கங்கள் அமையுமாறு வரைந்தால், அது ஏறத்தாழ 55 கி.மீ.க்கு 57 கி.மீ., அதாவது 3,100 சதுர கி.மீ. சொச்சம் வரும். தென்மேற்கு மூலை கடலுக்கும், எஞ்சிய மூலைகளில் பெரும்பகுதி கேரளத்துக்கும் திருநெல்வேலி மாவட்டத்துக்கும் போய்விடுவதால் செவ்வகத்தில் பாதியை ஒட்டியே மாவட்டம் இருக்கும் என்பது கண்ணுக்கே தெரியும். விடை 700 என்றோ 4,000 என்றோ வந்திருந்தால், இருமடியாக்க மறந்ததையோ தசமப்புள்ளி இடம்மாறியதையோ இச்செவ்வகம் காட்டிக்கொடுக்கும்.

கிடைத்த 1,675 என்ற எண்ணை அரசு வெளியீடுகளோடு ஒப்பிடும்போது, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1,684 சதுர கி.மீ. என்றும் வேறு வெளியீடுகளில் 1,672 சதுர கி.மீ. என்றும் இரண்டு எண்கள் எதிர்ப்படும். நிலஅளவைத் துறை வரைபடத்திலிருந்து காணும் பரப்பும், வருவாய்த் துறையின் கிராமக் கணக்குகளைக் கூட்டிக் காணும் பரப்பும் பொதுவாகவே முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. கட்ட எண்ணிக்கை முறையில் கிடைத்த விடையை 1,675 என்று நிறுத்தி எழுதாமல், ‘1,675 சதுர கி.மீ., கூடக்குறைய 2 விழுக்காடு’ என்று எழுதி, அதனருகே வரைபடத்தின் பதிப்பு ஆண்டையும், சோதித்துக் கண்ட அளவையையும், கட்டத்தின் பக்க அளவையும் குறித்துவைக்க வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் பிரிந்ததைப் போல எல்லைகள் மாறிக்கொண்டிருப்பதால், ஆண்டு குறிக்கப்படாத பரப்பளவு எந்த எல்லைக்கு உரியது என்று பின்னர் எவராலும் கண்டறிய இயலாது.